சுவரில் கீற்று நிழல் விழ வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குடந்தைக்காரி: வீட்டில் வறுத்து அரைக்கும் காபித்தூளுக்குப் படம் எடுக்கிறேன். வெள்ளைச் சுவர், முன்னால் பாக்கெட்டும் பித்தளை டபரா செட்டும், சுவரில் தென்னங்கீற்று நிழல் வேண்டும். எல்இடி பல்புக்கு ஓரடி முன்னால் கீற்றைப் பிடித்தால் சுவர் முழுக்க அழுக்கு மாதிரி ஒரு மங்கல்தான் விழுகிறது, ஓலை ஓலையாகப் பிரியவே இல்லை. உங்களுக்கு எப்படி வந்தது?

மன்னார்குடி தம்பி: பல்பு பவர் பத்தாது அக்கா. நான் 50 வாட் ஃப்ளட் லைட் போட்டேன், பளிச்சென்று வந்தது. டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

தஞ்சை ஸ்டூடியோ: டியூப்லைட்டை அணைக்கச் சொன்னது சரிதான் தம்பி, அது எரிந்தால் நிழலுக்குள்ளும் வெளிச்சம் புகுந்து வெளுத்துவிடும். ஆனால் ஓரம் கூர்மையாக விழுவதற்கும் வாட்டுக்கும் சம்பந்தமில்லை. கண் கூசுகிறதே என்று அந்த லைட்டைத் தள்ளி வைத்திருப்பீர்கள், அதனால் வந்திருக்கும். அம்மா, உங்கள் பல்பின் பால் குமிழ் சுமார் 6 செ.மீ. அகலம். கீற்று பல்புக்கு 50 செ.மீ. தூரத்திலும் சுவருக்கு 1 மீட்டரிலும் இருந்தால் நிழலின் ஓரம் 12 செ.மீ. வரை கரையும், அதில் ஓலை எங்கே தெரியும்? பல்பைக் கீற்றிலிருந்து 2 மீட்டர் தள்ளுங்கள், கீற்றைச் சுவருக்கு 30 செ.மீ. கிட்டே கொண்டுவாருங்கள். கரைசல் 1 செ.மீ.க்குள் அடங்கிவிடும். கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் கட்டி, ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள்.

நாச்சியார்கோவில் விளக்குக்கடை: நிழல் விழாமல் எடுக்கத்தானே கேட்கிறீர்கள்? லைட்டுக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள், நிழலே இருக்காது. எங்கள் குத்துவிளக்குக்கு அப்படித்தான்.

குடந்தைக்காரி: ஐயா, எனக்கு நிழல்தான் வேண்டும் 😄

நாச்சியார்கோவில் விளக்குக்கடை: அடடா! அப்படியென்றால் டபராவைக் கவனியுங்கள். பித்தளையில் கீற்றும் பிடித்திருக்கும் ஆளும் அப்படியே தெரிவார்கள். எடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவையாறு ஆசிரியை: நான் ஊறுகாய் பாட்டிலுக்கு பல்பே போடவில்லை, காலை வெயிலில் ஜன்னல் கம்பி நிழல்தான். சூரியன் எவ்வளவோ தூரத்தில் இருந்தும் அது புள்ளி இல்லையே, வட்டம். அதனால் கம்பி சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருந்தாலே ஓரம் ஏறக்குறைய 1 செ.மீ. கரைகிறது. எங்கள் வீட்டில் எதிர்ச்சுவர் தூரம், மெல்லிய கம்பி வெறும் மங்கலாகப் போய்விட்டது, அதனால் மேஜையை ஜன்னலோடு ஒட்டிப் போட்டேன். எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறக்க வேண்டும், டம்ளரைத் துடைத்துவிட்டு வருவதற்குள் நிழல் நகர்ந்து லேபிளில் ஏறிவிடும்.

குடந்தைக்காரி: ஸ்டூடியோ சார் சொன்னபடி தள்ளி வைத்தேன், ஓலை ஓலையாக விழுகிறது! ஆனால் நிழல் கன்னங்கரேலென்று இருக்கிறது, பாக்கெட்டின் பெயரிலும் ஒரு கோடு.

தஞ்சை ஸ்டூடியோ: எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்துங்கள், கருமை தணியும். பெயர் மேல் விழும் ஓலையை மட்டும் கிள்ளிவிடுங்கள்.

மன்னார்குடி தம்பி: கிள்ளாதீர்கள் அக்கா, பாக்கெட் மேலும் நிழல் ஏறினால்தான் வெயிலில் வைத்த மாதிரி இருக்கும். சுவரில் மட்டும் விழுந்தால் பின்னால் படம் ஒட்டின மாதிரி ஆகிவிடும்.

தஞ்சை ஸ்டூடியோ: ஏறட்டும் தம்பி, பெயரை விட்டுவிட்டு ஏறட்டும்.