மார்ச் 31 இருப்பு: எங்கள் ஏட்டில் 3,86,400, அவர்கள் ஏட்டில் 2,55,800

மண்டபம் கணக்கு

மீன் பெட்டியும் நைலான் கயிறும் விற்கிற கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் நிறைய தெர்மகோல் பெட்டி எடுக்கிற ஒரு ஏற்றுமதி கம்பெனி, தொண்டியில் அவர்களுக்கு ஒரு யார்டு இருக்கிறது, ஏப்ரல் கடைசியில் அங்கிருந்து மெயில் வந்தது. தடைக்காலம் தொடங்கிவிட்டால் இங்கே எல்லோரும் வலையைப் பிரித்துப் போடுவது மாதிரி கணக்கையும் பிரித்துப் போடுவார்கள், அதுதான் நேரம். "31-3-2025 அன்று எங்கள் ஏட்டில் உங்களுக்குத் தர வேண்டியது ரூ. 2,55,800, உறுதி செய்து கடிதம் தரவும்" என்று இருந்தது. எங்கள் பேரேட்டைத் திறந்தால் அவர்கள் பெயரில் பற்று 3,86,400. ஒரு லட்சத்து முப்பதாயிரத்து அறுநூறு ரூபாய் இடிக்கிறது.

முதலில் நான் செய்த கோமாளித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அனுப்பிய 40,000 ரூபாய் செக் ஏப்ரல் 2-ஆம் தேதி என் கைக்கு வந்திருந்தது. பணம்தான் வந்துவிட்டதே என்று அதைக் கழித்து, "இருப்பு ரூ. 3,46,400" என்று கடிதம் எழுதி முதலாளி கையெழுத்தும் வாங்கி அனுப்பிவிட்டேன். மறுநாள் அங்கே கணக்கு பார்க்கிற பாய் போன் செய்தார். "தம்பி, நான் மார்ச் 31 கேட்டேன், நீங்க ஏப்ரல் 2 சொல்றீங்க. இந்தத் தொகை உங்க ஏட்டிலயும் இல்ல, எங்க ஏட்டிலயும் இல்ல, எங்கேருந்து புடிச்சீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

சரி என்று அவர்களுடைய ஏட்டு நகலை வாங்கி, எங்கள் ஏட்டோடு பக்கத்தில் வைத்து வரிவரியாக டிக் அடித்தேன். பிப்ரவரி வரை ஒன்று விடாமல் ஒத்துப்போனது. மார்ச்சில் நாலு இடம் மிச்சம்.

முதலாவது, 29-ஆம் தேதி சனிக்கிழமை போட்ட 84,000 ரூபாய் பில். எங்கள் வண்டி இரவே தொண்டியில் இறக்கிவிட்டது. அடுத்த நாள் ஞாயிறு, திங்கள் ரம்ஜான், ஸ்டோர்காரர் ஏப்ரல் 1-ஆம் தேதிதான் வந்து வரவு வைத்திருக்கிறார். எங்களுக்கு மார்ச் விற்பனை, அவர்களுக்கு ஏப்ரல் கொள்முதல். இரண்டாவது அந்தச் செக். 29-ஆம் தேதி எழுதி கூரியரில் போட்டு அன்றே எங்கள் பெயரில் பற்று வைத்துவிட்டார்கள். ஆக இந்த இரண்டும் நாள் கணக்கு, யார் தப்பும் இல்லை.

மூன்றாவது 1,200 ரூபாய். இது என் தப்பு. வருடத்தில் ஒரே ஆளிடம் வாங்கியது 50 லட்சத்தைத் தாண்டினால், அதற்கு மேல் போகிற தொகைக்கு 0.1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்களே, அந்த 194க்யூ. ஜிஎஸ்டி நீக்கிப் பார்த்தால் அவர்கள் ஏட்டில் எங்கள் சரக்கு 62 லட்சம். 12 லட்சத்துக்கு 1,200 பிடித்துவிட்டார்கள், நான் பதியவே இல்லை. 26ஏஎஸ்ஸில் தேடினேன், வரவில்லை. கடைசிக் காலாண்டு ரிட்டர்னுக்கு மே 31 வரை நேரம் இருக்கிறது, அதற்குள் அதில் எப்படித் தெரியும்? பாயிடம் கணக்கீட்டை வாங்கி மார்ச் 31 தேதியிலேயே பதிவு போட்டேன். அப்புறம் எங்கள் இருப்பு 3,85,200.

நான்காவது 5,400 ரூபாய். அதைப் பற்றிக் கீழே.

இரண்டாவது தடவை அனுப்பிய கடிதம் இது, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

*"ஐயா, 31-3-2025 அன்று எங்கள் பேரேட்டில் உங்கள் பெயரில் நிற்கும் பற்று ரூ. 3,85,200. உங்கள் ஏட்டில் எங்கள் பெயரில் நிற்கும் வரவு ரூ. 2,55,800. வித்தியாசம் ரூ. 1,29,400. அதன் விவரம்:*

*எங்கள் 29-3-2025 தேதியிட்ட பில் ரூ. 84,000. சரக்கு அன்று இரவே உங்கள் தொண்டி யார்டில் இறங்கியது, செலான் நகல் இணைத்துள்ளோம். உங்கள் ஏட்டில் 1-4-2025 அன்று பதிவாகியுள்ளது.*

*நீங்கள் 29-3-2025 அன்று எழுதிய செக் ரூ. 40,000. எங்களுக்கு 2-4-2025 அன்று கிடைத்தது, ஆகவே 31-3 இருப்பில் கழியவில்லை. ஏப்ரல் கணக்கில் வரவு வைத்துவிட்டோம்.*

*நீங்கள் 26-3-2025 அன்று பதிந்துள்ள டெபிட் நோட் ரூ. 5,400. இதன் நகல் எங்களுக்கு வரவில்லை. வந்ததும் பார்த்துத் தனியாகப் பதில் எழுதுகிறோம். அதுவரை இத்தொகையும் மேற்கண்ட இருப்பில் அடங்கியே உள்ளது.*

*நீங்கள் பிடித்த டிடிஎஸ் ரூ. 1,200-ஐ எங்கள் ஏட்டில் பதிந்துவிட்டோம். முந்தைய கடிதத்தில் மேற்கண்ட செக்கையும் தவறாகக் கழித்திருந்தோம். இந்த இரண்டாலும்தான் அந்தக் கடிதத்திலிருந்து தொகை மாறியுள்ளது. அந்தக் கடிதத்தை ரத்தாகக் கொள்ளவும்."*

கடைசி வரி முதலாளிக்குப் பிடிக்கவில்லை. நம் தப்பை நாமே எழுதிக் கொடுப்பதா என்றார். பழைய கடிதம் அவர்கள் ஃபைலில் இருக்கிறதே, நாளைக்கு யாராவது அதை எடுத்து நீட்டினால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

---

உப்புக்காற்று

5,400-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்க அண்ணே, மீதி இல்லாமல் 600 வரும். 9-ஆல் வகுபட்டால் எங்கேயோ எண்ணை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 41,700-க்குப் பதில் 47,100 என்று அடித்திருப்பார்கள், வித்தியாசம் சரியாக 5,400. இதற்குப் போய் டெபிட் நோட், கடிதம் என்று ஏன் இழுக்கிறீர்கள்? அந்தப் பில்லைக் கண்டுபிடித்தால் முடிந்தது.

மண்டபம் கணக்கு

தம்பி, எனக்கும் அந்தச் சூத்திரம் தெரியும், அதை நம்பித்தான் அரை நாள் போச்சு. எண் இடம் மாறினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும், அது உண்மை. அதற்காக 9-ஆல் வகுபடுகிற எல்லாமே எண் மாறியது ஆகிவிடாது. இது 30 பெட்டி, ஒன்று 180 ரூபாய். மார்ச் 12-ஆம் தேதி லோடில் 30 பெட்டி மூலை உடைந்து ஐஸ் தண்ணீர் ஒழுகியது என்று அவர்களாகவே எழுதிக் கழித்திருக்கிறார்கள். ஏட்டு நகலில் "பெட்டி சேதம்" என்று ஒரு வார்த்தை இருந்தது. நான் எண்ணை மட்டும் பார்த்து வார்த்தையைப் பார்க்கவில்லை.

---

பட்டணம்காத்தான் ஆடிட்

கடிதம் நன்றாக இருக்கிறது. ஒன்று கேட்க வேண்டும். அந்த 84,000 பில்லுக்கு, வண்டி 29-ஆம் தேதியே இறக்கியது என்பதற்கு என்ன ஆதாரம்? நீங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று ஒப்புக்கொண்ட சரக்கு அது. வண்டி வழியில் தேவிபட்டினத்தில் நின்றுவிட்டு ஏப்ரல் 1-ஆம் தேதி இறக்கியிருந்தால், அது உங்களுக்கே மார்ச் விற்பனை கிடையாது. அப்போது அவர்கள் ஏடு சரி, உங்கள் ஏடு தப்பு. பில் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள், மார்ச் கடைசி வாரத்தில் பில் தேதி நிறையப் பேருக்கு விருப்பம் போல வளையும்.

அப்புறம், கீழே வாடிக்கையாளர் கையெழுத்துக்கு இடம் விட்டீர்களா? நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் உங்கள் தரப்பு மட்டும்தான். பாக்கி இருக்கிறது என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து வழக்குப் போடுகிற மூன்று வருடக் கெடு புதிதாக ஓடும். காலாவதிச் சட்டம் 18-ஆம் பிரிவு. பழைய கெடு முடிவதற்குள் வாங்க வேண்டும், முடிந்த பிறகு வாங்கினால் அந்தப் பிரிவு உதவாது. 3,85,200-க்கு அவர்கள் ஒப்பவில்லை என்றால் 2,55,800-க்காவது போடச் சொல்லுங்கள்.

மண்டபம் கணக்கு

செலானில் காவலர் பென்சிலால் "29/3 ராத்திரி 8.40, 3 பெட்டி நனஞ்சிருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த நனைந்த மூன்று பெட்டிதான் எனக்குச் சாட்சி, பொய் செலானில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். எங்கள் ஜிஎஸ்டிஆர்-1-இலும் மார்ச்சில்தான் காட்டினோம், அவர்களுடைய 2பி-யில் மார்ச்சுக்கே வந்துவிட்டது. கையெழுத்துக்கு இடம் விடவில்லை. இன்னொரு நகல் அனுப்ப வேண்டியதுதான்.

---

விசைப்படகு 2 லட்சம்

எனக்கும் இதே பிரச்சினை. மீன் எடுக்கிற வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு ஓட்டுகிறேன். அவர் நோட்டில் நான் தர வேண்டியது 2,40,000, என் நோட்டில் 1,90,000. ஒவ்வொரு தடவையும் மீன் கொடுக்கும்போது இவ்வளவு கழித்தேன் என்று வாயால் சொல்வார், சீட்டு கிடையாது. இப்போது ஒரு பேப்பர் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார். மேலே சொன்ன மாதிரி அவரிடம் கடிதம் கேட்கலாமா?

பட்டணம்காத்தான் ஆடிட்

அண்ணே, உங்கள் கதை தலைகீழ். இங்கே கடிதம் எழுதியவர் பணம் வர வேண்டியவர், நீங்கள் தர வேண்டியவர். நான் சொன்ன மூன்று வருடம் உங்கள் விஷயத்தில் வியாபாரிக்குத்தான் சாதகம். 2,40,000 என்று எழுதிய தாளில் சும்மா கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் அவருடைய நோட்டின் நகலை நாள் வாரியாகக் கேளுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் "என் கணக்குப்படி 1,90,000, மீதி ஒப்புக்கொள்ளவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதிப் போடுங்கள்.

விசைப்படகு 2 லட்சம்

நோட்டுக் கேட்டால் அடுத்த சீசனுக்கு ஐஸுக்கும் டீசலுக்கும் பணம் தர மாட்டார். அதைச் சொல்லுங்கள் முதலில்.

---

கீழக்கரை மருமகள்

நான் இந்தப் பக்கம், கடிதம் வாங்குகிற பக்கம். எங்கள் கடைக்குச் சரக்குப் போடுகிற ஒருவர் போன வருடம் இரண்டே வரியில் எழுதினார், "எங்கள் கணக்கு சரி, உங்கள் கணக்கைச் சரிபார்க்கவும்" என்று. எதைச் சரிபார்ப்பது? 50,000 ரூபாய் இடித்தது. கடைசியில் பார்த்தால் கீழக்கரை கடைக்கு ஒரு கணக்கு, ராமநாதபுரம் கடைக்கு ஒரு கணக்கு என்று அவர் ஏட்டில் எங்கள் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. நாங்கள் அனுப்பிய பணத்தை அந்த இன்னொன்றில் வரவு வைத்திருந்தார். இரண்டையும் கூட்டினால் பைசா சுத்தம். அன்றிலிருந்து ஏட்டு நகல் இல்லாமல் வருகிற கடிதத்துக்கு நான் பதிலே எழுதுவதில்லை.

மண்டபம் அண்ணன் கடிதத்தில் பில் தேதியும் செலானும் இருக்கிறது, நான் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவேன். ஆனால் அந்த 5,400 பற்றி எழுதியது எனக்கு வழுக்கலாகத் தெரிகிறது. தருவீர்களா மாட்டீர்களா?

மண்டபம் கணக்கு

அக்கா, எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது? டெபிட் நோட் நகல் போன வாரம்தான் வந்தது. மார்ச் 12 லோடுக்கு "நல்ல நிலையில் பெற்றோம்" என்று அவர்கள் ஆளே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதே சமயம், உடைந்த பெட்டி படத்தைப் பாய் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், படத்தில் நம் கடை முத்திரை தெரிகிறது. எண்ணினால் பதினெட்டுப் பெட்டிதான் இருக்கிறது. முதலாளி 18-க்குத் தருவோம் என்கிறார், 3,240 ரூபாய். அவர்கள் 30-தான் என்கிறார்கள். ஒத்துக்கொண்டால் ஜிஎஸ்டியோடு கிரெடிட் நோட் நாங்கள்தான் போட வேண்டும், போன வருடத்துச் சரக்கு என்பதால் நவம்பர் 30 வரைக்கும் நேரம் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் கடைக்கு வருகிறேன் என்றிருக்கிறார், கையெழுத்துக்கு இடம் விட்ட நகலை அப்போது நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன்.