உற்றார் ‘காதல்’ சரியோ? கலியாணக் கார்ட் பாட்டில் ஒரு சிக்கல்

மணமகளின் அக்கா: தங்கச்சியின்ர கலியாணக் கார்ட் நாளைக்கு அச்சகத்துக்குப் போகுது. பாட்டு இதுதான்:

பெற்றோர் பாசம் பெருகி நிற்க
உற்றார் காதல் உடன்வரக் கூடிப்
பற்றும் கரங்கள் அன்பில் இணைய
நற்றமிழ் மணக்கும் நன்னாள் வருகவே

இரண்டாம் அடியில ‘காதல்’ பொருந்தேல்லை எண்டு மாமி சொல்லுறா. பாசம், காதல், அன்பு மூண்டும் ஒண்டுதானே?

சுன்னாகத்தான்: மாமி சொல்லுறது பிழை. குறளில் ‘காதன்மை கந்தா அறிவறியார்த் தேறுதல்’ என்று வருது. அது ஆள் தெரியும் அதிகாரம், காதலர் பேச்சே இல்லை. ஒருவரில் உள்ள பற்றைத்தான் அங்கே காதன்மை என்றார். உற்றாருக்கும் போடலாம்.

கொக்குவில் வாத்தியார்: தம்பி, குறள் எடுத்துக்காட்டு சரி. ஆனால் கார்ட்டைக் கையில் எடுக்கிறவர் இன்றைய பொருளில்தான் வாசிப்பார். ‘உற்றார் காதல்’ என்றதும் ‘ஆர் ஆரைக் காதலிச்சவை?’ என்று கேட்பார். விருந்தினர் ஒருமுறை நின்று யோசித்தாலே அந்த அடி கெட்டுப் போச்சு.

அதே இடத்தில் ‘நேசம்’ போடுங்கோ, அக்கா. ‘காதல்’ நேர் நேர், ‘நேசம்’ என்று வைத்தால் அதுவும் நேர் நேர். தேமாவுக்குத் தேமா, ஓசை அசையாது. எதுகை ‘பெற்றோர், உற்றார், பற்றும், நற்றமிழ்’ என்று அடித்தொடக்கத்தில் இருப்பதால் அதுவும் தப்பும். உறவும் அயலும் வந்து நிற்கிற அன்புக்கு நேசம் இதமான சொல்.

இணுவில் சைவன்: முதலாம் அடியையும் பாருங்கோ. பாசம் என்றால் கயிறு. சைவக் கலியாணத்தில் பாசம் பெருகி நிற்கலாமோ? எமன் கையில் உள்ளதும் பாசக்கயிறுதான். அமங்கலம், உடனே எடுங்கோ.

கொக்குவில் வாத்தியார்: ஐயா சொல்லுறதில் பாதி உண்மை இருக்கு. சிவபுராணத்தில் ‘பாசமாம் பற்றறுத்துப் பாரிக்கும் ஆரியனே’ என்று பாடி, அடுத்த அடியிலேயே ‘நேச அருள்புரிந்து’ என்கிறோம். பாசம் அறுக்கப்படுவது, நேசம் அருளப்படுவது. தினமும் அதை ஓதுகிற வீட்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காதில் படும்.

ஆனால் அமங்கலம் என்று சொல்லேலாது. தாய் தகப்பன் பிள்ளையில் வைக்கிறதை ஊரில் எல்லாரும் பாசம் என்றுதான் சொல்லுகினம். விட்டுக்குடுக்க ஏலாத கட்டு என்ற பொருள் அதில் கிடக்கிறதால்தான் பெற்றோருக்கு அந்தச் சொல் பொருந்துது. மகளை அனுப்புகிற நாளில் அது இன்னும் கனக்கும்.

மனம் ஒப்பாவிட்டால் ‘பெற்றோர் பரிவு பெருகி நிற்க’ என்று மாற்றலாம். பரிவு புளிமா, அகவலில் அது நிற்கும், பகர ஒலியும் மிஞ்சும். குறை ஒன்று உண்டு. துன்பப்படுகிறவர்மேல் வரும் இரக்கமும் பரிவுதான். சந்தோச வீட்டில் அது கொஞ்சம் தாழ்ந்து ஒலிக்கும்.

இணுவில் சைவன்: எனக்குப் பரிவுதான் சரி. பாசத்தை ஏற்க மாட்டன்.

பருத்தித்துறை மலர்: ‘வாஞ்சை’ போடலாமே? கேட்க நல்லாயிருக்கு.

கொக்குவில் வாத்தியார்: மலர், வாஞ்சையில் ஏக்கம் இருக்கு. எட்டாததை நாடுகிற சொல் அது. ‘மானானது நீரோடைகளை வாஞ்சித்து’ என்று சங்கீதத்தில் வாசித்த காதுக்கு அது நல்லாய்ப் படும். கூடி நிற்கிற உறவுக்கு ஏக்கம் எதற்கு?

மானிப்பாய் தேவி: எங்கட மகளும் விரும்பித்தான் முடிச்சவள். கார்ட்டில் காதல் எண்டு போட்டால் சபையில் கதை வரும். பேசிச் செய்த கலியாணம் எண்டே விட்டனாங்கள்.

சுன்னாகத்தான்: தேவி அக்கா, கேள்வி அதில்லை, உறவினர் அடியைப் பற்றித்தான் கேட்டவ. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு எனக்கு ஒன்று தோணுது. மூன்றாம் அடியில் ‘அன்பில்’ வெறுமையாக் கிடக்கு. ‘கரங்கள் காதலில் இணைய’ என்றால் ககரம் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும், காதலும் உரிய இடத்துக்கு வரும்.

கொக்குவில் வாத்தியார்: ஓசைக்குத் தடையில்லை. அன்பு சோடைச் சொல் என்றதை மட்டும் ஒப்பேலாது. குறுந்தொகை 40ஆம் பாட்டில் புதிதாய்ச் சேர்ந்த இருவருக்கு ‘அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்றுதான் சொல்லியிருக்கு.

முடிவு அழைக்கிறவர் குரலில் இருக்கு. பெற்றோர் பெயரில் கார்ட் போனால், தாய் தகப்பன் வாயில் மகளின்ர ‘காதல்’ ஒட்டாது, அன்பு இருக்கட்டும். மாப்பிள்ளையும் பொம்பிளையும் தாங்களே அழைத்தால் காதல் போடலாம்.

சுன்னாகத்தான்: பெற்றோர் அழைத்தாலும் போடலாம் என்பதுதான் என்ர நிலை. கார்ட்டில் எழுதக் கூச்சப்படுற சொல்லை எங்கே எழுதுறது?

மணமகளின் அக்கா: அழைக்கிறது அப்பா அம்மாதான். நேசம், அன்பு இரண்டையும் போடுறன். பாசமோ பரிவோ எண்டதை அம்மாவிட்டைக் கேட்டுச் சொல்லுறன்.