பிரிவலன்ஸுக்குப் ‘பரவல்’ என்று எழுதலாமா?

தலவாக்கலை மிஸ்:
குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக ஆறு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று காட்டும் இன்சிடன்ஸ், ஒரு நேரத்தில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று காட்டும் பிரிவலன்ஸ், அப்புறம் ரிஸ்க் ரேஷியோ, இந்த மூன்றுக்கும் என்ன சொல் போடலாம்? இப்போதைக்கு நிகழ்வு வீதம், பரவல், ஆபத்து விகிதம் என்று வைத்திருக்கிறேன்.

மானிப்பாயான்:
மூன்றும் இருக்கட்டும். புதுச்சொல் எதுவும் முதலில் உறுத்தத்தான் செய்யும், பழகினால் பொருள் படிந்துவிடும். கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் ஊரில் இங்கிலீஷ் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘வீதம்’ வேறு, ‘விகிதம்’ வேறு. நம் பாடசாலைக் கணிதத்தில் இரண்டையும் பிரித்துத்தான் படிக்கிறோம். தமிழ்நாட்டில் ‘பிறப்பு விகிதம்’ என்று எழுதுவதை நாம் ‘பிறப்பு வீதம்’ என்கிறோம். இணையத்தில் கிடைக்கும் அவர்களுடைய பாடத்தைப் பிரதி எடுத்து நம்முடையதோடு கலந்தால் பிள்ளைகள் தலைசுற்றிப் போவார்கள்.

பழைய பீஎச்ஐ:
வீதம், விகிதம் விஷயத்தில் ஐயா சொல்வதுதான் சரி. ஆனால் மிஸ், ‘பரவல்’ வேண்டாம். ஒரு தோட்டத்து டிவிஷனை வைத்துச் சொல்கிறேன். கணக்கு வகுப்புக்காக நானே கட்டியது.

பெரியவர்கள் 1,000 பேர். வருடத் தொடக்கத்தில் அவர்களில் 80 பேருக்குச் சீனி வியாதி. அந்த வருடம் புதிதாக 12 பேருக்கு வந்தது. 9 பேர் இறந்தோ ஊரைவிட்டுப் போயோ கணக்கிலிருந்து கழிந்தார்கள். முடிவில் 83. அடுத்த வருடமும் புதிதாக வந்தது அதே 12 பேருக்குத்தான். ஆனால் அந்த வருடம் கிளினிக் ஒழுங்காக நடந்தது, மருந்து தட்டில்லாமல் கிடைத்தது. கழிந்தவர்கள் 3 பேர் மட்டும். முடிவில் 92. டிவிஷனின் ஆட்தொகை ஏறக்குறைய அப்படியே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிவலன்ஸ் 8 சதவீதத்திலிருந்து 9.2க்கு ஏறிவிட்டது. இன்சிடன்ஸ் இரண்டு வருடமும் ஆயிரத்துக்குச் சுமார் 13தான். (12ஐ 1,000ஆல் வகுக்கக் கூடாது. முதல் வருடத்தில் நோய் இல்லாமல் இருந்தவர்கள் 920 பேர், அவர்களுக்குத்தானே புதிதாக வர முடியும்.)

இதை ‘சீனி வியாதிப் பரவல் கூடியது’ என்று பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்து ஏன் என்று கேளுங்கள். நோய் வேகமாகப் பரவுகிறது என்பார்கள். நடந்ததோ, ஆட்கள் சாகாமல் இருந்தது.

தோட்டத்தில் ஆட்களின் பெயர் பதியும் செக்ரோலையே பாருங்கள். இன்றைக்கு அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி, இந்த வருடம் எத்தனை பேர் பதிந்தார்கள் என்பது வேறு கேள்வி. பழைய ஆட்கள் வேலையை விட்டுப் போகாவிட்டால், கொஞ்சப் பேர் பதிந்தாலே ரோல் நீண்டுகொண்டு போகும். நான் வகுப்பில் பிரிவலன்ஸை ‘நோயிருப்பு’ என்பேன்.

கொட்டகலை குமார்:
இது எங்கள் லயத்திலேயே நடந்தது. ‘எமது பகுதியில் நீரிழிவுப் பரவல் அதிகம்’ என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் அம்மாவுக்குச் சீனி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த காம்பராவில் இருக்கும் அக்கா, இருபது வருடமாக எங்கள் வீட்டில் டீ குடிக்கிறவர், ஒரு மாதம் தன் கோப்பையைக் கையோடு கொண்டுவந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மனது நொந்துவிட்டது.

அப்புறம் ஒரு சந்தேகம். அம்மாவின் ஆபத்து விகிதம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மானிப்பாயான்:
குமார் தம்பி சொன்ன கோப்பைக் கதை வருத்தமானது. ஆனால் அது நோட்டீஸ் எழுதியவரின் பிழை. பாடப்புத்தகத்துச் சொல்லை அப்படியே சுவரில் ஒட்டலாமா? தமிழ்நாட்டுப் புள்ளியியலில் ‘பரவல்’ என்பது நாம் ‘பரம்பல்’ என்பதுதான், அதில் தொற்று என்ற எண்ணமே கிடையாது. ‘நோயிருப்பு’ என்றால் எனக்குச் சீனி மூட்டை ஞாபகம் வருகிறது. பரவல் பிடிக்காவிட்டால் ‘நிலவு வீதம்’ போடுங்கள்.

பழைய பீஎச்ஐ:
நிலவுதல் நல்ல சொல்தான், ஐயா. ‘வீதம்’ என்பதுதான் இடிக்கிறது. வீதம் என்றால் ஒரு காலத்துக்குள் இவ்வளவு என்று இருக்க வேண்டும். பிரிவலன்ஸ் ஒரு நாள் காலையில் பெரட்டுக்களத்தில் தலை எண்ணுவது போல, மொத்தத்தில் ஒரு பங்கு. வீதத்துக்கும் விகிதத்துக்கும் சண்டை பிடித்த நீங்களே இதை விடலாமா?

குமார், அம்மா ஒருவருக்கு மட்டும் அப்படி ஒரு எண் கிடையாது. அது இரண்டு கூட்டத்தை ஒப்பிடுகிற எண். கொழுந்து பறிக்கும் 400 பேரில் ஒரு வருடத்தில் 12 பேருக்குக் குளவி கொட்டியது, ஃபெக்டரியில் வேலை செய்யும் 200 பேரில் 2 பேருக்குக் கொட்டியது என்று வைப்போம். நூற்றுக்கு 3, நூற்றுக்கு 1. ரிஸ்க் ரேஷியோ 3. இங்கேதான் ‘ஆபத்து’ என்ற சொல்லும் காலை வாருகிறது. நம் பக்கத்தில் ‘ஆபத்தான நிலை’ என்றால் ஆள் பிழைப்பாரா என்ற நிலை. ஆபத்து விகிதம் 3 என்றதும், மலையில் கொட்டும் குளவிக்கு விஷம் மூன்று பங்கு என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அவள்மேல் பிழை இல்லை.

‘மூன்று மடங்கு அதிகம்’ என்றும் எழுதாதீர்கள். சிலர் அதை 1க்கு மேல் இன்னும் 3 என்று எடுத்து 4 ஆக்கிவிடுவார்கள். ‘மூன்று மடங்கு’ என்பதோடு நிறுத்துங்கள்.

ஹட்டன் பயிலுநர்:
எல்லாரும் கோபிக்காதீர்கள். வேலைக்குப் போனால் படிவம் இங்கிலீஷில், கூட்டம் சிங்களத்தில். ‘நோயிருப்பு’ என்று நான் யாரிடம் சொல்வது? பிரிவலன்ஸ் என்றே எழுதிவிட்டு, அதன் கீழே விளக்கம் தமிழில் இருந்தால் போதாதா?

மானிப்பாயான்:
அப்படியே விட்டால் நாளைக்கு விளக்கமும் இங்கிலீஷில்தான் வரும், தங்கச்சி.

தலவாக்கலை மிஸ்:
பயிலுநர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போன தடவை பிரிவலன்ஸ் என்றே எழுதிப் பார்த்தேன், இன்சிடன்ஸையும் அதையும் மாற்றி மாற்றி மனப்பாடம் செய்து வந்தார்கள். ‘நிகழ்வு’ என்றால் நம்மவர்களுக்கு மேடை போட்ட விழா. அதனால் இன்சிடன்ஸுக்குப் ‘புதுநோயர் வீதம்’ என்று மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய பீஎச்ஐ:
நிகழ்வைவிட நல்லது. ஆனாலும் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு நாள் நடமாடும் கிளினிக் வந்து இரத்தம் பார்த்து, இதுவரை தெரியாத 30 பேருக்குச் சீனி இருப்பதாகச் சொல்கிறது. ரெஜிஸ்டரில் 30 புதுப்பெயர். அதில் எத்தனை பேருக்கு இந்த வருடம் வந்தது, எத்தனை பேர் ஐந்து வருடமாகத் தெரியாமல் சுமந்துகொண்டிருந்தார்கள்? ‘புதுநோயர்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் முப்பதையும் இன்சிடன்ஸில் போட்டுவிடுவார்கள். கிளினிக் வந்த வருடத்தில் மட்டும் எண் துள்ளி, அடுத்த வருடம் விழுந்தால் சந்தேகப்படுங்கள். இதற்குப் பொருத்தமான ஒரு தமிழ்ச்சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

கொட்டகலை குமார்:
அம்மாவையும் அப்படி ஒரு கேம்பில்தான் கண்டுபிடித்தார்கள். அப்போதே கால் விறைக்கிறது என்று சொல்லி இரண்டு வருடம் இருக்கும். அப்படியென்றால் அவர் எந்த வருடத்துக் கணக்கு?

தலவாக்கலை மிஸ்:
சரி, பரவலை எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ‘நோயிருப்பு’, மற்றப் பாதிக்கு ‘நிலவு வீதம்’ என்று அந்த 83, 92 கணக்கைக் கொடுக்கப் போகிறேன். ஏன் கூடியது என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும்.

மானிப்பாயான்:
இருங்கள், ‘நிலவு வீதம்’ வேண்டாம். ‘நிலவும் பங்கு’ என்று திருத்திக் கொடுங்கள்.