வச்சேன், வித்தேன், 'வத்தேன்': இதற்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

ஈசூன் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பேச்சுத்தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பயிலரங்கக் குறிப்பு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். 'விதி வரிசை' வரை சிக்கல் இல்லை. அடுத்து 'ஒப்பாசிட்டி' வருகிறது, அங்கேதான் நிற்கிறேன். ஒலிமாற்ற விதி ஒன்று எந்தச் சூழலில் வேலை செய்ததோ, அந்தச் சூழலையே இன்னொரு விதி பின்னால் வந்து மறைத்துவிடுவது.

இது ஏட்டுச் சங்கதி இல்லை. தொடக்கநிலை 5 பையன் ஒருவன் கட்டுரையில் "பையை மேசைமேல் வத்தேன்" என்று எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர், படிச்சேன்னா படித்தேன், அடிச்சேன்னா அடித்தேன். அப்போ வச்சேன்னா வத்தேன்தானே?" என்றான். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவன் கணக்கில் என்ன தப்பு?

தெம்பனிஸ் தம்பி எழுதியது:

அக்கா, இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது. படம் திருத்தும் செயலியைத் தமிழாக்கியபோது 'ஒளிபுகாமை' என்று போட்டோம். சுழியம் முதல் 100 வரை நகர்த்தலாம். பயனர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

பெடோக் ஐயா எழுதியது:

தம்பி, வச்சேன் எத்தனை விழுக்காடு ஒளி புகாதது?

நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. வினைத்தொகையை நன்னூலார் 'காலங் கரந்த பெயரெச்சம்' என்றார். அதே அச்சில் இது 'சூழல் கரந்த விதி'. சுருக்கமாக வேண்டுமென்றால் 'கரவு'. ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்துவைக்கும் சித்திரகவிக்குக் கரந்துறைச் செய்யுள் என்றுதானே பெயர்? கர என்னும் வேரும் கரு என்னும் வேரும் ஒன்றே என்பது என் நெடுநாள் எண்ணம். கருமையில் எதுவும் தெரியாது, ஆகவே கரத்தல். கரவடம் என்றால் களவு, அதுவும் இருட்டில் நடப்பது. வள்ளுவரின் காக்கை மட்டும் கரவாது. கறுப்பாய் இருந்தும் கரவாது என்பதில்தான் நயம்.

உட்லண்ட்ஸ் அக்கா எழுதியது:

ஐயா, காக்கை பறக்கட்டும். 'கரவு' என்று பலகையில் எழுதினால் என் வகுப்பில் பாதிப் பேர் 'கறவை'க்குப் போய்விடுவார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். அம்மா இன்றைக்கும் 'வைச்சேன்' என்றுதான் சொல்வார். அப்படியானால் எங்களுக்கு எதுவுமே மறையவில்லையே?

கிளமெண்டி ஆய்வாளர் எழுதியது:

உட்லண்ட்ஸ் அக்காவின் அம்மா நமக்கு நடுப்படியைக் காட்டிவிட்டார். இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வரும் இறந்தகால த்த், ச்ச் ஆகிறது. இது முதல் விதி. படித்தேன் படிச்சேன் ஆகும்போது இகரம் அங்கேயே நிற்பதால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. வைத்தேன் வைச்சேன் ஆகும்போதும் தெரிகிறது. யாழ்ப்பாணம் அங்கே நின்றுகொண்டது. நம் பேச்சில் இரண்டாம் விதி ஒன்று வந்து ஐகாரத்தை அகரமாக்குகிறது. அப்போது வச்சேன். ச்ச் இருக்கிறது, அதை உண்டாக்கியது இல்லை.

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் ஐ அகரமாகட்டும்: வைத்தேன், வத்தேன். இப்போது முதல் விதி வந்து தேடினால் இகரமும் இல்லை, ஐகாரமும் இல்லை. வெறுங்கையோடு திரும்பும். விடை 'வத்தேன்'. உங்கள் பையன் இரண்டு படிகளில் ஒன்றைத்தான் பின்னோக்கி அவிழ்த்தான். மற்றது நடந்ததே அவனுக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. தையல் தைத்ததை 'தச்சேன்' என்று கேட்டு, நாளைக்குத் 'தத்தேன்' என்று எழுதினாலும் வியக்கமாட்டேன்.

பெடோக் ஐயாவின் சொல்லில் எனக்குத் தயக்கம் உண்டு. வினைத்தொகையில் கரந்த காலம் எது என்பதற்குச் சொல்லில் தடயமே இல்லை. ஊறுகாய் நேற்று ஊறியதா, இன்று ஊறுகிறதா? இங்கே தடயம் ச்ச் ஆக உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. "வீட்டை வித்துட்டாங்க" என்கிறோம். இகரத்துக்குப் பின் இறந்தகால த்த் வந்தும் ஏன் 'விச்சு' ஆகவில்லை? ஏனென்றால் அது விற்று. முதல் விதி வந்துபோனபோது அங்கே ற்ற் இருந்தது. அது த்த் ஆனது பிறகு. இங்கே சூழல் மறையவில்லை, பளிச்சென்று நிற்கிறது. விதிதான் வேலை செய்யாமல் போயிருக்கிறது. 1970களில் மொழியியலாளர் பால் கிபார்ஸ்கி இதற்கு வரையறை தந்தபோது இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினார். நமக்கு வேண்டிய சொல்லும் இரண்டையும் தாங்க வேண்டும்.

தெம்பனிஸ் தம்பி எழுதியது:

> இகரத்துக்குப் பின் இறந்தகால த்த் வந்தும்

அப்படியென்றால் சித்திரை ஏன் 'சிச்சிரை' ஆகவில்லை? பித்தளை? அங்கே ற்ற் ஏதும் இல்லையே. விதியே தப்பு.

கிளமெண்டி ஆய்வாளர் எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் விதி தப்பவில்லை. இந்த விதி பகுதியோடு விகுதி சேரும் இடத்தில்தான் ஒழுங்காக ஓடுகிறது. சித்திரையில் அப்படி ஓர் இணைப்பு இல்லை. விற்று என்பதில் உண்டு. சித்தப்பாவை நான் சாட்சிக்குக் கூப்பிடாததும் அதனால்தான். சிற்றப்பா என்பதில் ற்ற் இருந்தாலும் அது இறந்தகால இடைநிலை இல்லை.

பெடோக் ஐயா எழுதியது:

இரண்டாம் விதியையும் நன்னூலார் பார்த்துவிட்டார் ஐயா. ச, ஞ, ய முன் அகரமும் ஐகாரமும் ஒக்கும் என்றார். வைச்சு வச்சு ஆனது அந்த ச முன்னால்தான். அதாவது முதல் விதி த்-ஐச் ச் ஆக்கினால்தான் இரண்டாவதற்கு வேலையே பிறக்கிறது. ஐந்து, ஐஞ்சு, அஞ்சு. சம்பந்தரே 'அஞ்செழுத்து' என்று பாடிவிட்டார். உதவி செய்தவனை வீட்டைவிட்டுத் துரத்திய கதை! வரிசை மாறினால் இரண்டாம் விதிக்கு ச கிடைக்காது, ஆகவே உங்கள் 'வத்தேன்' பிறக்கவே பிறக்காது.

கிளமெண்டி ஆய்வாளர் எழுதியது:

இதை ரசித்தேன் ஐயா, அந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் ஐம்பதையும் 'அம்பது' என்கிறோம். அங்கே ச, ஞ, ய எதுவும் இல்லை. ஆகவே இன்றைய பேச்சில் இரண்டாம் விதி நன்னூலார் எல்லையைத் தாண்டிவிட்டது என்றே நினைக்கிறேன். தவிர, அவர் சொன்னது போலி. இதற்குப் பதில் அது வரலாம் என்பது வேறு, இது முந்தி அது பிந்தி என்பது வேறு.

உட்லண்ட்ஸ் அக்கா எழுதியது:

வியாழன் ஆகிவிட்டது. மறைவது சூழல் இல்லை, விதிதான் என்றால் 'விதி மறைவு' என்று வைத்துக்கொள்ளலாமே. வச்சேனைப் பார்த்தாலும் வித்தேனைப் பார்த்தாலும் முதல் விதி என்னவென்று ஊகிக்க முடியாது. பிள்ளைகளுக்கும் புரியும்.

தெம்பனிஸ் தம்பி எழுதியது:

விதி என்றால் தலைவிதி என்று நினைக்கமாட்டார்களா? சரி, என் வாக்கும் அதற்கே.

ஈசூன் ஆசிரியை எழுதியது:

குறிப்பில் 'விதி மறைவு' என்றே போட்டுவிட்டேன். எடுத்துக்காட்டாக வச்சேனும் வித்தேனும். பெடோக் ஐயாவின் 'சூழல் கரந்த விதி' வச்சேன் வகைக்கு மட்டும். வித்தேன் வகைக்குத் தனிப்பெயர் கிடைக்கவில்லை, இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். பையனுக்கு "வை என்று சொல்லிப் பார், அப்புறம் எழுது" என்று சொல்லிக் கொடுத்தேன். வைத்தேன் சரியாக வந்தது. நேற்று, "அப்போ அஞ்சுக்கு எதைச் சொல்லிப் பார்க்கணும் டீச்சர்?" என்று கேட்டான்.

பெடோக் ஐயா எழுதியது:

'மறைவு' என்று தலைப்பிட்டால் இரங்கல் செய்தி என்று நினைப்பார்கள். என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். கரவே சரி.