தகரக் கூரை வீடு, ஏழு வயதுப் பையன், குன்னூர் மத்தியான வெயில்

குன்னூர்_அம்மா: எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. ஏப்ரல் கடைசியில் பதினோரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியவில்லை. வெளியே விட்டால் பையனுக்கு முகம் சிவந்து தோல் உரிகிறது. ஏழு வயது. டிவி இல்லாமல், குளுகுளுவென்று வீட்டுக்குள்ளேயே என்ன செய்ய வைக்கலாம்?

எஸ்டேட்_ராஜா: நீலகிரியில் இருந்துகொண்டு வெயில் என்கிறீர்களே அக்கா, கோயம்புத்தூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நாங்களெல்லாம் காலையில் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வீடு. தொப்பி போட்டு விடுங்கள், போதும்.

அறிவியல்_டீச்சர்: ராஜா தம்பி, 2024 ஏப்ரல் 29 அன்று ஊட்டியிலேயே 29 டிகிரி போனது மறந்துவிட்டதா? அதை விடுங்கள், தோலைச் சுடுவது காற்றின் சூடு இல்லை, புற ஊதாக் கதிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் அது சுமார் பத்து சதவீதம் கூடும். காற்று சில்லென்று இருப்பதால் பிள்ளைக்குச் சுடுவது தெரியாது, சாயங்காலம்தான் எரியும். ஏப்ரல் இரண்டாம் பாதியில் நம் தலைக்கு நேர் மேலே சூரியன் வருகிறது. பையனின் நிழல் அவன் உயரத்தை விடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் வீட்டுக்குள் வையுங்கள். இப்போதைக்கு அது ஏறத்தாழ ஒன்பதேகாலிலிருந்து மூன்றரை வரை.

எஸ்டேட்_ராஜா: சரி, ஆறு மணி நேரம் பிள்ளையைக் கட்டிப்போட்டு வைக்கச் சொல்கிறீர்கள்.

அறிவியல்_டீச்சர்: எதற்குக் கட்ட வேண்டும்? ஐஸ்கிரீம் செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரில் ஐஸ் தட்டுகளை நிரப்பி வையுங்கள். காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த பால் அரை கப், சர்க்கரை ஒரு பெரிய ஸ்பூன், கொஞ்சம் ஏலக்காய். இதை ஒரு சின்ன ஜிப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பைக்குள் போட்டு அதையும் மூடுங்கள். பெரிய பையில் நான்கு கப் ஐஸும் அரை கப் கல் உப்பும் போட்டு, நடுவில் பால் பையை வைத்து மூடிக் குலுக்க வேண்டும். உப்பு படும்போது ஐஸ் வேகமாகக் கரையும். கரைய வேண்டிய வெப்பத்தைப் பாலிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் கெட்டியாகிவிடும். ஆகவில்லை என்றால் பால் வெதுவெதுப்பாக இருந்திருக்கும், அல்லது உப்பு குறைவு. உப்புக் கரித்தால் உள் பை ஒழுகியிருக்கிறது.

நர்ஸ்_பெரியம்மா: டீச்சர், முக்கியமானதை விட்டுவிட்டீர்களே! வெறும் ஐஸ் பூஜ்ஜியத்தில் நிற்கும். உப்புப் போட்டால் மைனஸ் பத்துக்கும் கீழே போகும். வெறுங்கையால் பிடித்துக் குலுக்கினால் தோல் வெளுத்து மரத்துப் போகும், கொப்புளம்கூட வரும். பையை டர்க்கி டவலில் நன்றாகச் சுற்றித்தான் கையில் கொடுக்க வேண்டும். ஏழு வயசுப் பிள்ளை "கை வலிக்குது" என்றால் அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். உப்பையும் ஐஸையும் உள்ளங்கையில் வைத்து யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று பெரிய பசங்கள் பந்தயம் கட்டுவார்கள், அதைப் பார்த்து இவனும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கோடை_கார்த்தி: ஐஸ் தின்றால் சளி பிடிக்கும். எங்கள் கொடைக்கானலில் ஏப்ரலிலேயே பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. கற்பூரவல்லிச் சாறு எத்தனை சொட்டு கொடுக்கலாம்?

நர்ஸ்_பெரியம்மா: சளி கிருமியால் வருவது தம்பி, ஐஸால் இல்லை. மருந்துக்குத் தனியாகக் கேளுங்கள், இங்கே வேண்டாம்.

கோடை_கார்த்தி: எங்கள் பாட்டி இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சமவெளி_சங்கர்: ஐஸெல்லாம் எதற்கு? ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டுப் பக்கத்தில் விளையாடச் சொல்லுங்கள், அறையே ஏசி மாதிரி ஆகிவிடும். எங்கள் ஈரோட்டில் அப்படித்தான்.

அறிவியல்_டீச்சர்: காய்ந்த காற்று வீசும் நாளில் நீங்கள் சொல்வது சரி. கோடை மழைக்கு முன்னால் இங்கே காற்றில் ஈரம் ஏறிவிடும். துணி காயாது, அறை புழுங்கும். ஒரு மணி நேரத்தில் துணி ஓரம் காயவில்லை என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். கூரை சுடும் வீட்டில் கட்டிலை விடத் தரையே நல்லது. சிமென்ட் தரையில் பாய்கூட விரிக்காமல் உட்காரச் சொல்லுங்கள்.

குன்னூர்_அம்மா: இன்று செய்தோம். முதல் பை தண்ணீராகவே இருந்தது. பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாகவே ஊற்றிவிட்டான். இரண்டாவது கெட்டியானது. குலுக்கிய நேரத்தை விட, பைக்கு வெளியே வெள்ளையாகப் பனி படிவதை விரலால் கீறிப் பெயர் எழுதிய நேரம்தான் அதிகம். மிச்ச உப்புத் தண்ணீரைக் கேரட் பாத்தியில் ஊற்றப் போனான்.

அறிவியல்_டீச்சர்: ஐயோ, செடி கருகிவிடும். சாக்கடையில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் அகலமான தட்டில் ஊற்றி ஜன்னல் ஓரம் வையுங்கள். தண்ணீர் வற்றினால் உப்பு திரும்பக் கிடைக்கும், அடுத்த தடவைக்கு அதையே போடலாம். தினமும் எவ்வளவு வற்றியது என்று தட்டில் கோடு போடச் சொல்லுங்கள்.

எஸ்டேட்_ராஜா: எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் மத்தியானம் கரண்டே இருக்காது, ஃப்ரீசர் எங்கே? நிழலில் விளையாட விடுவதுதான் எங்களுக்கு.

நர்ஸ்_பெரியம்மா: மர நிழல் என்றால் அடர்த்தியாக இருக்க வேண்டும் ராஜா. தேயிலைக்கு நடுவில் நிற்கும் சில்வர் ஓக் நிழலை நம்பாதீர்கள், அதில் பாதி வெயில்தான்.

எஸ்டேட்_ராஜா: பலா மரம் இருக்கிறது.

நர்ஸ்_பெரியம்மா: அப்படியென்றால் சரி. முழுக்கைச் சட்டை போட்டு விடுங்கள்.