அடிபட்டு வந்த சலவை இயந்திரம்: பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிய கடிதம்

செல்வி

இணையத்தில் வாங்கிய, முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரம், விற்பனையாளர் உறுதியளித்த நாளைக் கடந்து ஒரு வாரத்துக்கும் மேல் தாமதமாக வந்தது. அட்டைப்பெட்டியின் அடிமூலை நசுங்கியிருந்ததால், ஒப்புகைச் சீட்டில் "மூலை நசுங்கியுள்ளது, பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிரித்தபோது அடித்தெர்மாகோல் இரண்டாகப் பிளந்திருந்தது. இயந்திரத்தின் அடியில் சிமெண்டுத் துகள்கள் சிதறிக் கிடந்தன. சற்றே சாய்த்தால் உள்ளே ஏதோ கனமாக உருண்டது. மின் இணைப்புக் கொடுக்காமல், அன்றே இந்தக் கடிதத்தை அனுப்பினேன்:

"மேற்கண்ட ஆணை எண்ணில் தாங்கள் அனுப்பிய சலவை இயந்திரம், ஆணை உறுதிப்பாட்டில் குறித்த நாளில் வராமல், தாமதமாக இன்று வந்து சேர்ந்தது. பெட்டி நசுங்கியிருந்ததை ஒப்புகைச் சீட்டிலேயே குறித்துள்ளேன். உள்ளே சிமெண்டுத் துகள்கள் சிதறியுள்ளன, தளர்ந்த பாகம் ஒன்று உருளுகிறது. இயந்திரம் இயக்கப்படவில்லை. பழுது நீக்கமோ மாற்றுப் பொருளோ எனக்கு வேண்டாம். பொருளின் விலையையும் நான் செலுத்திய அனுப்புகைக் கட்டணத்தையும், பணம் செலுத்திய அதே வழியில் திருப்பித் தருமாறும், தங்கள் செலவில் இயந்திரத்தை எடுத்துச் செல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். 10 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தருக. ஒளிப்படங்களை இணைத்துள்ளேன்."

பதிலாக, பழுது பார்ப்பவரை அனுப்புவதாகச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

முருகவேள்

பயணத்தின்போது உருளை ஆடாதிருக்கப் பின்புறம் நீண்ட திருகாணிகளைப் பூட்டியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் இயக்கினால் இயந்திரமே தாவிக் குதிக்கும். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது, கழற்றியதும் சரியாகிவிட்டது. கடிதம் எழுதுவதற்கு முன் அவற்றைக் கழற்றிப் பாருங்கள்.

செல்வி

ஐயா, நான் இயக்கவே இல்லை. திருகாணிகள் அனைத்தும் பூட்டியபடியே உள்ளன.

இளம்பரிதி

விற்பனை நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முருகவேள் சொல்லும் திருகாணி உண்மைதான். ஆனால் அது சிமெண்டைச் சிதறச் செய்யாது. பல இயந்திரங்களில், சுழற்சியின் அதிர்வை அடக்குவதற்காக உருளையைச் சுற்றியுள்ள தொட்டியில் கான்கிரீட் எடைக்கட்டி பொருத்தப்பட்டிருக்கும். பெட்டி உயரத்திலிருந்து விழுந்தால் வெளித்தகடு நெளியாமலேயே அந்தக் கட்டி உடையக்கூடும். அத்துகள்களைப் பெருக்கிக் கொட்டிவிடாமல் கிடந்தபடியே படம் எடுங்கள். பிளந்த தெர்மாகோல், நசுங்கிய மூலை, இயந்திரத்தின் தொடர் எண் ஒட்டிய இடம் ஆகியவற்றின் படங்களும் வேண்டும். தொடர் எண் இல்லையென்றால் அது இதே இயந்திரத்தின் படம்தானா என்ற கேள்வி எழும். பொருள் திரும்பப் போகும்வரை பெட்டியையும் வைத்திருங்கள்.

கடிதம் நன்றாக உள்ளது. தாமதத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கோரிக்கையைச் சேதத்தின்மீது நிறுத்தியிருப்பதுதான் அதன் வலிமை. தாமதத்தைப் பற்றி இரண்டு பத்தி கோபமாக எழுதும் கடிதங்களுக்கு, "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்ற ஒரு வரியும் சிறு தள்ளுபடியும்தான் பதிலாகப் போகும். சேதம் பேசப்படாமலே கோப்பு மூடப்படும்.

பழுது பார்ப்பவர் வந்து பார்ப்பதற்குச் சம்மதியுங்கள், மறுத்தால் அதையே காரணமாகக் காட்டுவார்கள். ஆனால் "பரிசோதனைக்கு மட்டும் அனுமதிக்கிறேன், பாகம் மாற்ற அனுமதிக்கவில்லை, பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை தொடர்கிறது" என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். பாகம் மாற்றியதும் நீங்கள் பழுது நீக்கத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகிவிடும். அவருடைய அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

ரேவதி

எனக்கும் குளிர்பதனப் பெட்டி மிகவும் தாமதமாகத்தான் வந்தது. தாமதத்தைக் காரணம் காட்டி முழுப் பணத்தையும் கேட்டேன். அனுப்புகைக் கட்டணத்தை மட்டும் தந்தார்கள். தாமதம் என்றாலே முழுப் பணமும் கிடைக்க வேண்டும் அல்லவா?

இளம்பரிதி

அம்மா, உங்கள் பெட்டி நல்ல நிலையில் வந்தது, நீங்களும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் அது வேறு வழக்கு. நாள் கடந்ததும், பொருள் வருவதற்கு முன்பே ஆணையை ரத்து செய்வதாக எழுதியிருந்தால் உங்கள் நிலை வலுவாக இருந்திருக்கும். வந்த பின் தாமதத்தை மட்டும் வைத்து என்ன பெறலாம் என்பது அந்தந்த இடத்துச் சட்டத்தையும் விற்பனை விதிகளையும் பொறுத்தது.

செல்வி, அட்டை வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் வங்கியிலும் மறுப்பு பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. விற்பனையாளரின் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

செல்வி

நீங்கள் சொன்ன வாசகத்தை அனுப்பிய பிறகே பரிசோதனைக்கு இடம் கொடுத்தேன். எடைக்கட்டி உடைந்துள்ளதாக வந்தவரே எழுதிக் கொடுத்தார். இயந்திரத்தை எடுத்துச் சென்றுவிட்டார்கள், விலையும் கணக்குக்கு வந்துவிட்டது. அனுப்புகைக் கட்டணத்தை மட்டும், "சேவை நிறைவேறிவிட்டது" என்று கூறி மறுக்கிறார்கள். சேதமான பொருளைக் கொண்டுவந்து சேர்த்ததை நிறைவேறிய சேவையாக என்னால் ஏற்க முடியவில்லை. அறிக்கையின் நகலை இணைத்து, அந்தத் தொகையை மட்டும் கேட்டு இன்று இரண்டாவது கடிதம் அனுப்பியுள்ளேன்.