[கலைச்சொல்] ‘டபுள் லிஃப்ட்’ – தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

செல்வி (திங்கள் காலை)

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தில் கோடை விடுமுறைக்குச் சீட்டு வித்தை வகுப்பு வைக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். நடத்துபவர் ஆங்கிலத்தில் எழுதிய பன்னிரண்டு பக்கக் குறிப்பை நான் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டு, கலைத்தல், வெட்டு எல்லாம் ரம்மி ஆடுபவர்கள் வாயிலேயே இருப்பதால் சிக்கல் இல்லை. மாட்டிக்கொண்டது டபுள் லிஃப்டில். கட்டின் மேலிருக்கும் இரண்டு சீட்டையும் ஒன்றுபோல எடுத்து, இரண்டாவது சீட்டின் முகத்தை மேல்சீட்டின் முகமாகக் காட்டும் வித்தை அது. இப்போதைக்கு ‘இரட்டைத் தூக்கு’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

சுதாகர்

அம்மா, மின்தூக்கி பராமரிப்பில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஒரே பொத்தானுக்கு இரண்டு மின்தூக்கியும் கட்டுப்பட்டால் நாங்கள் ‘இணை மின்தூக்கி’ என்று எழுதுகிறோம். டெண்டரிலும் அப்படியே போகிறது. தூக்கு என்று தனியாக விடாதீர்கள், நன்றாக இல்லை.

இராமலிங்கம்

தம்பி சுதாகர் தலைப்போடு நின்றுவிட்டார். ஆனால் ‘தூக்கு’ ஆகாது என்பதில் அவர் பக்கம்தான் நான். ‘இரட்டைத் தூக்கு’ என்றால் தமிழன் கண்ணுக்கு முதலில் தெரிவது நீதிமன்றச் செய்தி. பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவேண்டாம்.

‘எடுப்பு’ என்று யாரேனும் வரும்முன் சொல்லிவிடுகிறேன்: அது இசைக்காரர்கள் சொத்து. பல்லவிக்கு எடுப்பு, அனுபல்லவிக்குத் தொடுப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

இலக்கணம் இந்த இடத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. இரவும் பகலும் என்பதை ‘இராப்பகல்’ என்கிறோம். ‘உம்’ எங்கே போயிற்று? தொக்கு நிற்கிறது. உள்ளே இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. மேல்சீட்டும் அப்படித்தான் முகம் காட்டாமல் தொக்கு நிற்கிறது. ஆகவே ‘தொகையெடுப்பு’... எடுப்பு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ‘தொகைப்புரட்டு’ என்க.

வசந்தன் (டொராண்டோ)

ஐயா, பதின்மூன்று வயதுப் பெடியனுக்கு உம்மைத்தொகை விளங்கப்படுத்திப்போட்டுத்தான் சீட்டைத் தொட விடுவியளோ? ‘தொகை’ எண்டால் அவனுக்குக் காசுதான் ஞாபகம் வரும். நாங்கள் யாழ்ப்பாணத்தில காட்ஸ் எண்டுதான் சொல்லி வளர்ந்தம். ‘டபுள் லிஃப்ட்’ எண்டே எழுதிவிடுங்கோ அக்கா. நாளைக்கு யூடியூபில் தேடினாலும் அவனுக்கு அந்தச் சொல்தான் உதவும்.

கார்த்திக்

நான் காலேஜில் நிறையச் செய்திருக்கிறேன். பெயர் என்னவாக இருந்தாலும் விஷயம் வேகம்தான். கண் தொடரமுடியாத வேகத்தில் காட்டி மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் மெழுகு தடவினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ‘விரைகாட்டு’ என்று வைக்கலாமா?

பஷீர்

இருபது வருடமாக வங்கி வேலைக்கு நடுவே இந்தப் பைத்தியம் எனக்கு. கார்த்திக் தம்பி சொன்னது பாதி சரி. மெழுகு உண்டு. ஆனால் ஒட்டிய இரண்டையும் உடனே பிரிக்கவேண்டுமே! இந்த வித்தையின் பயனே பிரிப்பதில்தான் இருக்கிறது. வேகமோ முழுத் தவறு. ஒருவன் சீட்டைப் படக்கென்று காட்டி மூடினால், பார்ப்பவனுக்குக் கண் தொடரவில்லை என்று தோன்றாது. ஏதோ செய்தான் என்றுதான் தோன்றும்.

செல்வி அம்மாவுக்கு, ‘தூக்கு’ சரியில்லை என்பதற்கு என் காரணம் வேறு. அந்தப் பெயர் கையைக் கெடுக்கும். உங்கள் கையில் சீட்டுக்கட்டு இருக்கும்போது மேல்சீட்டு என்ன என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வீர்கள்? தூக்கமாட்டீர்கள். இடது கட்டைவிரலால் வலப்பக்கம் லேசாகத் தள்ளுவீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை வலது கை பிடித்து, புத்தகப் பக்கம்போலப் புரட்டிக் கட்டின்மேலேயே மல்லாத்தும். இரட்டையும் அச்சு அசலாக அப்படியே இருக்கவேண்டும். தூக்கு என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இரண்டு விரலால் கிள்ளி, மூக்குக்கு நேரே உயர்த்திப் பிடிப்பான். நான் முதலில் அப்படித்தான் செய்தேன்.

செல்வி

பஷீர் சார், குறிப்பில் ‘முன் தயாரிப்பு’ என்று ஒரு பத்தி இருக்கிறது. சுண்டுவிரல் பற்றிப் பேசுகிறது. எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததை மொழிபெயர்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பஷீர்

கட்டு இடது உள்ளங்கையில். கட்டைவிரலால் மேல் இரண்டு சீட்டையும் அரை விரல்கடை அளவு வலப்பக்கம் விரிக்கிறீர்கள். பிறகு நேர்செய்வதுபோல உள்ளே இழுக்கிறீர்கள். இழுக்கும்போது இரண்டாவது சீட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனிச் சதை மாட்டிக்கொள்ளும். விரலையே நுழைக்கக்கூடாது, சதை கவ்வினால் போதும். எதிரிலிருந்து பார்த்தால் கட்டு ஒன்றாகத் தெரியும், உங்கள் பக்கம் மட்டும் ஒரு மயிரிழை. அந்த இடுக்கு கிடைத்தபின் இரண்டையும் ஒன்றாகப் புரட்டுவது பெரிய வேலை இல்லை.

இந்த முன்வேலையைச் சீட்டைக் காட்டும் நொடியில் செய்யக்கூடாது. அதற்கு முன்பே, பேசிக்கொண்டு எதிராளி முகத்தைப் பார்க்கும்போதே முடிந்திருக்கவேண்டும். குனிந்து சீட்டை எண்ணுகிறவனைப் பார்த்தால் நூலகத்துக் காவலாளிக்கும் புரிந்துவிடும்.

புரட்டிய இரண்டையும் கட்டோடு சமமாக விடவேண்டாம். உங்கள் பக்கம் அரை சென்டிமீட்டர் துருத்தி விழட்டும். திரும்பக் கவிழ்க்கும்போது துருத்திய இரண்டும் ஒன்றாக விரலுக்கு வரும், மறுபடி தேடவேண்டியதில்லை. கவிழ்த்ததும் உடனே மேல்சீட்டை எடுத்து மேசையில் போட்டுவிடாதீர்கள். ஒரு மூச்சு பொறுத்து ஏதாவது பேசிவிட்டுப் போடுங்கள். பார்த்தவர் அது ஆட்டின் ராணி என்று நம்புவார். ராணியோ கட்டின் உச்சியில் இருப்பாள்.

இராமலிங்கம்

‘இரட்டைக்கிளவி இரட்டின் பிரிந்து இசையா’ என்பது தொல்காப்பியம். சலசல என்பதில் ஒரு ‘சல’வைப் பிரித்தால் பொருள் இல்லை. இவருடைய இரண்டு சீட்டும் பிரிந்தால் வித்தை இல்லை. ‘சீட்டுக்கிளவி’ என்றுகூடத் தோன்றியது. கிளவி என்றால் சொல் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆனால் காட்டும்வரைதான் பிரியக்கூடாது, பிறகு பிரியவேண்டும் என்கிறார் பஷீர். அப்படியானால் இரட்டைக்கிளவி அன்று, அடுக்குத்தொடர். பாம்பு பாம்பு என்பதைப் பிரித்தாலும் பாம்பு பாம்புதான். ‘அடுக்குப்புரட்டு’?

வசந்தன்

ஐயா, மூண்டு நாளில மூண்டு சொல். வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னும் ரெண்டு வரும்போல.

செல்வி

‘புரட்டு’ எனக்குப் பிடித்திருக்கிறது. புரட்டுதலும் அதில் இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது. ஆனால் ‘பொய்யும் புரட்டும்’ என்று சொல்லும் ஊரில் பெற்றோர் கையில் அந்தக் குறிப்பு போய்ச் சேர்ந்தால் என்ன சொல்வார்களோ.

இராமலிங்கம்

ஒரு சொல்லில் இரண்டு பொருள் ஒட்டியிருப்பதை இரட்டுற மொழிதல் என்பர். காளமேகம் அதில்தானே பேர் வாங்கினான்! புரட்டு என்ற சொல் இங்கே சிலேடை. ‘இரட்டைப் புரட்டு’ என்றே வைக்கலாம், தொகையை நான் விட்டுக்கொடுக்கிறேன். பெற்றோரை நூலகர் பார்த்துக்கொள்வார்.

கார்த்திக்

பஷீர் சார், நீங்கள் சொன்னபடி இன்று செய்துபார்த்தேன். நான்கில் மூன்று முறை விளிம்பில் கீழ்ச்சீட்டு எட்டிப் பார்க்கிறது. இரண்டு சீட்டின் தடிமன் தெரிந்துவிடாதா?

பஷீர்

தடிமன் தெரியாது. ஒரு சீட்டு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், இரண்டு சேர்ந்தால் 0.6. ஒன்றரை முழத் தூரத்தில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. தெரிவது விளிம்பு விலகல்தான். எதனால் விலகுகிறது என்று பாருங்கள். நீங்கள் பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். இறுக்கினால் சீட்டுகள் வில்லாக வளையும், இரண்டும் ஒரே அளவுக்கு வளையாது, நுனியில் வாய் பிளக்கும். தம்பி, விரல் நகம் வெளுக்கிறதா பாருங்கள். வெளுத்தால் அதுதான் காரணம். தளர்த்தினாலே பாதி சரியாகும்.

கட்டையும் பாருங்கள். வியர்வை ஊறிய பழைய கட்டானால் மூன்றாவதும் ஒட்டிக்கொண்டு வரும். வழவழ பிளாஸ்டிக் சீட்டு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். சாதாரணக் காகிதச் சீட்டு, ஒரு வாரம் பழகியது, நல்லது.

இன்னொன்று, இதைப் பலர் சொல்வதில்லை. இரட்டையைப் பயிற்சி செய்வதற்குமுன் ஒற்றையைப் பாருங்கள். ஒற்றைச் சீட்டை ஒரு விதமாகவும் இரட்டையை வேறு விதமாகவும் புரட்டினால் வித்தை அங்கேயே செத்தது. வித்தைக்கு முன்னால் ஓரிரு தடவை உண்மையிலேயே ஒற்றையை அதே கைப்போக்கில் காட்டிவையுங்கள். நான் வீட்டில் ஐந்து முறை சீட்டைக் காட்டுவேன், அதில் ஒன்று இரட்டை. எது என்று மனைவி சொல்லவேண்டும். முதல் வாரம் தவறாமல் கண்டுபிடித்தார். கையைப் பார்த்து அல்லவாம். அந்த ஒரு முறை மட்டும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேனாம்.

சுதாகர்

மன்னிக்கவும், இப்போதுதான் எல்லா மடலும் படித்தேன். இதை யாராவது நிபுணரிடம் செய்து காட்டி ஏமாற்றியது உண்டா?

பஷீர்

உண்டு. 1922-இல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற இளைஞர் ஹூடினியிடமே காட்டினார். எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று முறை பார்த்தால் சொல்லிவிடுவேன் என்பது ஹூடினியின் சவால். வெர்னன் ஒரு சீட்டில் அவரையே மையால் எழுத்துப் போடச்சொன்னார். அந்தச் சீட்டை மேலிருந்து இரண்டாவதாக வைப்பார், அடுத்த நொடி அது உச்சிக்கு வந்திருக்கும். ஹூடினிக்கு இரட்டைச் சீட்டு, அதாவது நகல், என்ற சந்தேகம். ஆனால் அவர் எழுத்தே சீட்டில் இருந்ததே! திரும்பத் திரும்பச் செய்தும் அவரால் சொல்லமுடியவில்லை. ‘ஹூடினியை ஏமாற்றியவர்’ என்றே வெர்னனுக்குப் பிறகு பெயர் நின்றது. வித்தையை மறைக்காதே, இயல்பாகச் செய் என்பதுதான் அவர் வாழ்நாள் பல்லவி.

அதனால் செல்வி அம்மாவிடம் ஒரு ஐயம். ‘இரட்டை’ என்று பெயரிலேயே போட்டால், பிள்ளை மேடையில் வாய்தவறி அந்தப் பெயரைச் சொன்னாலே குட்டு உடைந்துவிடாதா? எனக்கு வெறும் ‘புரட்டு’ போதும்.

வசந்தன்

ஆங்கிலத்திலயும் டபுள்தானே! அங்க ஒருத்தரும் மேடையில சொல்லுறதில்லை. புரட்டு எண்டால் எனக்கும் சம்மதம், ஆனா அடைப்புக்குறிக்குள்ள டபுள் லிஃப்ட் எண்டு தமிழெழுத்தில போடுங்கோ.

செல்வி (வியாழன் இரவு)

‘இரட்டைப் புரட்டு’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘டபுள் லிஃப்ட்’ அடைப்பில் இருக்கும். பஷீர் சார் சொன்ன மூச்சு விஷயத்தையும் நடத்துபவரிடம் கேட்டு ஒரு வரியாகச் சேர்த்தேன். நூலகர் இன்னும் படிக்கவில்லை.

இராமலிங்கம்

‘தொகைப்புரட்டு’ தான் சரி என்று பதிவுக்காக எழுதிவைக்கிறேன். இரண்டாம் பதிப்பு வந்தால் பார்க்கலாம்.

கார்த்திக்

பஷீர் சார், சுண்டுவிரல் இடுக்கு வந்துவிட்டது. ஆனால் கவிழ்க்கும்போது துருத்தல் உள்ளே போய்விடுகிறது. அதற்கு என்ன செய்வது?